பேரூர்க் கனகசபைக்கு என்னோடு வருகிறவர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ளவர்களுக்கு,

வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரூர் பட்டீசுவரர் கோயிலைச் சுற்றிப் பார்க்க என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கோயிலுக்குள் போன பிறகு நான் அதிகம் பேச முடியாது. தூணுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாக விளக்கம் சொன்னால் கும்பிட வந்தவர்களுக்குத் தொந்தரவு. அதனால் எங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும், ஏன் அப்படி என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுவது என் வழக்கம். வீட்டில் எல்லோரும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

பேரூர் கோயம்புத்தூருக்கு மேற்கே, சிறுவாணி சாலையில், நொய்யல் கரையில் இருக்கும் ஊர். கொங்கு நாட்டில் இதற்கு மேலைச்சிதம்பரம் என்றும் பெயர். சாமி பட்டீசுவரர், அம்மன் பச்சைநாயகி. நடராசர் இருக்கும் மண்டபம்தான் கனகசபை. மதுரை நாயக்கர் மரபைச் சேர்ந்த அளகாத்ரி நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. நீங்கள் பார்க்க ஆசைப்படுகிற பெரிய சிற்பங்கள் எல்லாம் அந்த மண்டபத்துத் தூண்களில்தான் இருக்கின்றன. ஆனால் இது அருங்காட்சியகம் இல்லை. தினமும் பூசை நடக்கிறது, தினமும் ஊர்க்காரர்கள் வருகிறார்கள். நான் கேட்டுக்கொள்வது எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருகிறதுதான்.

முந்தின நாள்

வேட்டி, புடவை, சுடிதார், முழுக்கால் சட்டை, எது வேண்டுமானாலும் சரி. முழங்கால் மூடியிருக்க வேண்டும், தோள் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கீழே உட்கார்ந்து எழுந்திருக்கத் தோதான உடையாக இருந்தால் நல்லது. கல்தளத்தில் ஒரு மணி நேரமாவது உட்காரப் போகிறோம்.

வரும் அன்று காலையில் கைக்கும் முகத்துக்கும் எண்ணெயோ கிரீமோ பூசாமல் வாருங்கள். காரணம் கீழே வருகிறது. பையில் இரண்டு பொருள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நான்காக மடித்த காகிதம் நாலைந்து. இன்னொன்று, கைக்குட்டை. வேறு எதுவும் வேண்டாம். முதுகில் மாட்டும் பெரிய பையை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். நெருக்கமான இடத்தில் நீங்கள் திரும்பும்போது பின்னால் இருக்கும் சிற்பத்தை உரசுவது உங்கள் கை இல்லை, அந்தப் பைதான். அதன் கொக்கியும் ஜிப்பும் உலோகம்.

உங்களில் வேறு மதத்தைச் சேர்ந்த நண்பர்கள் இருந்தால் எனக்கு முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எதுவரை வரலாம் என்பதைக் கோயில் அலுவலகத்தில் நான் கேட்டு வைத்துக்கொள்கிறேன். வாசலில் நின்று காவலரோடு வாதாடும் நிலை யாருக்கும் வரக் கூடாது. அதில் மனம் புண்படுவது உங்கள் நண்பருக்குத்தான்.

முதலில் படித்துறை

நேராகக் கோயிலுக்குப் போகாமல் முதலில் நொய்யல் படித்துறைக்குப் போவோம். நொய்யலுக்குக் காஞ்சிமாநதி என்று பழைய பெயர். வருடத்தில் பாதி நாள் ஆற்றில் தண்ணீர் இருக்காது. ஆனால் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படித்துறையில் ஆள் இருப்பார்கள். இறந்தவர்களுக்குத் திதி கொடுக்கவும், அஸ்தி கரைக்கவும் கோவைச் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் இங்கேதான் வருவார்கள். அமாவாசை என்றால் கூட்டம் அதிகம். ஆடி அமாவாசை அன்று நிற்க இடம் கிடைக்காது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என்னோடு வந்த குழுவில் ஓர் இளைஞர் நல்ல கேமரா வைத்திருந்தார். படியில் ஒரு பெரியவர், சட்டையில்லாமல், தலை மழித்து, வாழை இலையில் வைத்த பிண்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார். காலை வெயில் தண்ணீரில் பட்டு அவர் முகத்தில் அடித்தது. நல்ல படம் வரும் என்று தம்பி இரண்டு படி கீழே இறங்கி, அவருக்கு நேர் எதிரே மண்டியிட்டு எடுத்தார். பெரியவர் தலை நிமிர்ந்து பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. கையில் இருந்த எள்ளைக் கீழே வைத்துவிட்டு, துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம் விசாரித்தால், அவருடைய மனைவிக்கு அன்றைக்குத்தான் பதினாறாம் நாள்.

அந்தத் தம்பி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. படித்துறை எதற்கான இடம் என்று நான் அவருக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை எழுதி அனுப்ப ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

ஆகவே படித்துறையில் இப்படிச் செய்யுங்கள். மேல் படியிலேயே நின்றுகொள்ளுங்கள். திதி கொடுக்கிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் குறுக்கே போகாதீர்கள். பிண்டத்தைக் கரைக்க அவர்கள் எழுந்து வரும் வழி அது. ஆற்றை, படியை, எதிர்க்கரையைப் படம் எடுக்கலாம், ஆளை எடுக்காதீர்கள். தூரத்திலிருந்து பெரிதாக்கி எடுப்பதும் எடுப்பதுதான். கேட்டுவிட்டு எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். துக்கத்தில் இருக்கிறவரிடம் போய் அனுமதி கேட்பதே ஒரு தொந்தரவு, அதையும் விட்டுவிடுங்கள். படியில் கிடக்கும் பூ, இலை, மண்சட்டியைக் காலால் ஒதுக்காமல் சுற்றி நடங்கள்.

யாராவது உங்களைப் பார்த்து, 'எந்த ஊருங்க?' என்று பேச்சுக் கொடுத்தால் நின்று பேசுங்கள். எங்கள் ஊர்ப்பக்கம் துக்க வீட்டுக்காரர்களும் வந்தவர்களை விசாரிக்காமல் விட மாட்டார்கள்.

வாசலில்

செருப்பை அதற்கான இடத்தில் விட்டுவிட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவோம். சாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. சித்திரை வைகாசியில் கல் சுடும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் காலையிலேயே வரச் சொல்கிறேன். பத்து மணிக்குமேல் திறந்தவெளிப் பிரகாரத்தில் கால் வைக்க முடியாது, உச்சிப்பொழுது கழிந்தால் நடை சாத்திவிடுவார்கள்.

செல்போன் பற்றி வாசலில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அன்றைக்கு விதி. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டிருக்கிறது. உள்ளே ஒருவர் கையில் போன் இருப்பதைப் பார்த்து, 'அவர் மட்டும் எடுக்கிறாரே' என்று கேட்காதீர்கள். கொடுத்து வைக்கச் சொன்னால் கொடுத்து வைத்துவிடுவோம். படம் எடுக்க அனுமதி கிடைக்கும் இடத்தை நான் கேட்டுச் சொல்வேன். எந்த நிலையிலும் கருவறைப் பக்கம் போனைத் தூக்கக் கூடாது.

இங்கே இரண்டு மரங்களைப் பற்றிச் சொல்வார்கள். பிறவாப்புளி, இறவாப்பனை. பிறவாப்புளியின் கொட்டை முளைக்காது என்பது ஐதீகம். உடனே கொட்டையை எடுத்துக்கொண்டு போய் முளைக்கிறதா என்று பார்க்கலாமே என்று தோன்றும். பெரியவர்களுக்கே தோன்றும். வேண்டாம். பட்டையைச் சுரண்டுவது, இலை பறிப்பது, கிளையைப் பிடித்து இழுப்பது எதுவும் வேண்டாம். கும்பிடுகிறவர்களுக்கு அது மரம் மட்டும் இல்லை.

கனகசபையில் நிற்பதும் பார்ப்பதும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கனகசபைத் தூண்களில் ஆளுயரத்துக்குமேல் பெரிய சிற்பங்கள் இருக்கின்றன. யானையைக் கிழித்து அதன் தோலைப் போர்த்திய சிவன், ஊர்த்துவ தாண்டவர், காளி, வீரபத்திரர், ஆறுமுகர், ஆனைமுகன். தூணோடு சேர்ந்த ஒரே கல்லில் செதுக்கியவை. மேலே அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் கல்லால் ஆன தாமரையும், கண்ணி கண்ணியாகக் கோத்த கல் சங்கிலியும் தெரியும்.

முதலில் பத்து நிமிடம் யாரும் சிற்பத்தின் பக்கத்தில் போகாதீர்கள். மண்டபத்தின் ஓரமாக உட்காருங்கள். இருட்டுக்குக் கண் பழக வேண்டும். வெளியே வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு முதலில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். அதனால்தான் வந்தவுடனே கையால் தடவிப் பார்க்கத் தோன்றுகிறது. கண் பழகிவிட்டால் கை தானாக அடங்கிவிடும். இதை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். வந்ததும் தொடுகிறவர்கள், உட்கார்ந்து எழுந்த பிறகு தொடுவதில்லை.

கண் பழகியதும் ஒரு தூணை எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலாகப் பாருங்கள். மனிதர்களின் கை எட்டும் உயரம் வரை கல் கறுத்து, எண்ணெய் தடவியதுபோல மினுமினுப்பாக இருக்கும். கைக்கு எட்டாத உயரத்தில் அதே கல் சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, உளி பட்ட மாதிரியே இருக்கும். முழங்கால், பாதம், ஆயுதத்தின் நுனி, யானையின் தலை என்று துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் மினுமினுப்பு இன்னும் அதிகம். எங்கெல்லாம் கை பட்டது என்பதைக் கல்லே எழுதி வைத்திருக்கிறது. பழைய மண்டபம் எதற்குப் போனாலும் இந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள், இருக்கும்.

கருங்கல் ஆயிற்றே, ஒரு தடவை தொட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு தடவை தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் கையில் இருக்கும் எண்ணெய்ப் பசையும் வியர்வை உப்பும் கல்லின் நுண்ணிய துளைகளில் தங்கிவிடும். அதன்மேல் தூசி ஒட்டும். விளக்குப் புகை ஒட்டும். அதன்மேல் அடுத்தவர் கை. இப்படியே படிந்து பிசின் மாதிரி ஒரு தோல் உண்டாகிவிடும். மாலையின் முத்து, விரல் நகம், உடுப்பின் மடிப்பு, இந்த நுணுக்கமெல்லாம் அந்தத் தோலுக்கு அடியில் போய்விடும்.

சரி, கழுவிவிட்டால் போகாதா? அங்கேதான் உண்மையான சேதம். காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு தண்ணீருக்குப் போகாது. போக வேண்டுமென்றால் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் மணலை வேகமாகப் பீய்ச்சி அடிக்க வேண்டும். இரண்டிலும் அழுக்கோடு சேர்ந்து கல்லின் மேல்தோலும் போகும். சிற்பி கடைசியாக வைத்த வேலை அந்த மேல்தோலில்தான் இருக்கிறது. ஒருமுறை அப்படித் தேய்த்துவிட்டால் கண்ணின் இமைக்கோடு மழுங்கிவிடும், பிறகு எந்த ஸ்தபதி வந்தாலும் அதைத் திருப்பி வைக்க முடியாது. சிற்பத்தைத் தொட வேண்டாம் என்று நான் கேட்பது உங்கள் ஒரு கைக்காக இல்லை, அதற்குப் பின்னால் வரப்போகும் அந்தத் தேய்ப்புக்காக. கையில் கிரீம் பூசாமல் வரச் சொன்னதும் இதனால்தான். கூட்டத்தில் தெரியாமல் கை பட்டுவிடலாம், அதற்குப் பதற வேண்டியதில்லை.

அடுத்தது திருநீறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குருக்கள் உள்ளங்கை நிறையத் திருநீறு கொடுப்பார். நெற்றிக்குக் கொஞ்சம்தான் போகும். மீதி? கண் தானாகத் தூணைத் தேடும். தூணில் ஒரு குழிவு இருக்கும், அதில் கொட்டிவிட்டுக் கையைத் தூணிலேயே துடைத்துக்கொண்டு போய்விடுவோம். எல்லா ஊரிலும் இந்தப் பழக்கம் இருக்கிறது, எங்கள் வீட்டிலும் இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு ஒரு சிற்பத்தின் பாதத்தைக் குனிந்து பார்த்தேன். ஐந்து விரல்களுக்கும் இடையில் நான்கு சந்து. நான்கிலும் திருநீறு கெட்டியாக அடைத்திருந்தது. அதன்மேல் குங்குமம், அதன்மேல் யாரோ விட்ட எண்ணெய். மூன்றும் சேர்ந்து செங்கல் நிறத்தில் களிமண் மாதிரி இறுகிவிட்டது. விரலில் மெட்டி செதுக்கியிருக்கிறார்களா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு எறும்பு வரிசை அதில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. கோயில் பணியாளர் அம்மா ஒருவர் மூங்கில் குச்சியால் அதைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். 'தினமும் எடுக்கறனுங்க, மறுநாளைக்கு மறுபடியும் அப்படியேதான்' என்றார். குச்சி உடைந்தால் கம்பியை எடுப்பாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

நான்காக மடித்த காகிதம் கொண்டு வரச் சொன்னது இதற்குத்தான். மீதித் திருநீறையும் குங்குமத்தையும் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூசை மாடத்தில் வையுங்கள். கோயிலுக்கு வர முடியாத பாட்டிக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ கொடுங்கள். கொஞ்சமாகப் போதும் சாமி என்று குருக்களிடம் சொல்வதிலும் தவறில்லை. கை துடைக்கக் கைக்குட்டை இருக்கிறது.

விளக்கும் கற்பூரமும் இன்னும் மோசம் செய்யக் கூடியவை. நெய்விளக்கு ஏற்ற வேண்டுமானால் கோயிலில் அதற்கென்று வைத்திருக்கும் இடத்தில் மட்டும் ஏற்றுங்கள். சிற்பத்தின் பாதத்தில், தூணின் அடியில், படிக்கட்டு ஓரத்தில் வேண்டாம். கற்பூரத்தை நேராகக் கல்லின்மேல் வைத்துக் கொளுத்தவே கூடாது. கரி படிவது ஒரு பக்கம். சூடு இன்னொரு பக்கம். கருங்கல் பார்க்க ஒரே பொருளாகத் தெரிந்தாலும் அது பல கனிமங்களின் கூட்டு. சூடு பட்டால் குவார்ட்ஸ் அதிகமாக விரியும், ஃபெல்ட்ஸ்பார் குறைவாக விரியும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சூடேறி ஆறினால் அவற்றுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டு, மேல்தோல் செதில் செதிலாக உரியத் தொடங்கும். கற்பூரம் எரித்த வட்டத்தின் நடுவில் கல் வெளிறி, பொரிந்த மாதிரி இருந்தால் அது உரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தை நகத்தால் நெருடிப் பார்க்காதீர்கள், கையோடு வந்துவிடும்.

குழந்தைகளைச் சிற்பத்தின் பீடத்தில் ஏற்றி உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள். குழந்தைக்கு வேறு வேலை கொடுங்கள். யானைத் தோலைப் போர்த்தியிருக்கிறாரே, அந்த யானையின் தலை எங்கே, கால் எங்கே, வால் எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தூணைச் சுற்றிச் சுற்றி வந்து தேடும். சங்கிலியில் எத்தனை கண்ணி என்று எண்ணச் சொல்லுங்கள். குச்சியாலோ குடையாலோ சுட்டிக் காட்டுவது மட்டும் பெரியவர்களும் செய்யக் கூடாதது.

கும்பிடுகிறவர்களுக்கு வழி

கனகசபை என்பது நடராசருக்கு முன்னால் இருக்கும் மண்டபம். நாம் சிற்பம் பார்க்க நிற்கும் இடமும், மற்றவர்கள் சாமி பார்க்க நடக்கும் இடமும் ஒன்றுதான். பன்னிரண்டு பேர் அரைவட்டமாக ஒரு தூணைச் சூழ்ந்தால் பின்னால் வருகிறவருக்கு நடராசர் தெரிய மாட்டார்.

வாரம் தவறாமல் வரும் ஒரு பாட்டி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, 'ஏங்கண்ணு, உன்ற ஆளுகளக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு. பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஒருக்கா சாமி மொகத்தப் பாத்துட்டுப் போயிடறேன்' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து ஐந்து பேருக்குமேல் ஒரு தூண் பக்கத்தில் நிற்க விடுவதில்லை. இரண்டு குழுவாகப் பிரிவோம். ஒரு குழு உட்கார்ந்திருக்கும், ஒரு குழு பார்க்கும்.

நிற்கும்போது சன்னதிக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நில்லுங்கள். மணி அடித்துத் தீபாராதனை தொடங்கினால் பேச்சை அப்படியே நிறுத்திவிடுவேன், பாதி வாக்கியமாக இருந்தாலும். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்கப் போவதில்லை. கை கூப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. நடக்காமல், பேசாமல் நின்றால் போதும். ஓதுவார் தேவாரம் பாடினால் முடியும்வரை இருங்கள். சிற்பம் எங்கும் போய்விடாது.

கல்வெட்டுப் பக்கம்

கருவறையைச் சுற்றி வரும்போது சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். வரிவரியாக எழுத்து இருக்கும். கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் இந்தக் கோயிலில் இருக்கின்றன. இது சுவரில் எழுதிய அலங்காரம் இல்லை. யார் எந்த நிலத்தைக் கொடுத்தார், எந்த விளக்குக்கு எவ்வளவு என்று பதிவு செய்த ஆவணம். நம் வீட்டுப் பத்திரத்தின்மேல் நாம் உட்காருவோமா? ஆனால் பிரகாரத்தில் களைப்பாக இருக்கும்போது உட்காரத் தோதாக இருப்பதும் எழுத்து இருக்கும் அந்த அடிப்பகுதிதான். அங்கே உட்காராதீர்கள், முதுகைச் சாய்க்காதீர்கள், காலை மடித்து வைக்காதீர்கள். பிரசாதம் சாப்பிட்ட கையை அங்கே துடைக்காதீர்கள்.

எழுத்தைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸையோ மாவையோ திருநீறையோ எழுத்தின் பள்ளத்தில் தேய்ப்பார்கள். அந்த நிமிடம் நன்றாகத் தெரியும். அப்புறம் அந்தப் பொடி பள்ளத்தில் தங்கி, மழை ஈரத்தில் இறுகி, எழுத்தின் ஓரத்தை மறைத்துவிடும். அதைவிட ஆபத்து, தேய்க்கிறவர் தான் படித்த மாதிரியே தேய்ப்பார். கல்லில் இருக்கும் 'ர' மேல் அவர் 'க' எழுதிவிட்டால் அடுத்து வருகிறவர் 'க' என்றுதான் படிப்பார்.

தொடாமலேயே படிக்க ஒரு வழி இருக்கிறது, கல்வெட்டு ஆய்வாளர்கள் செய்வதுதான். நேராக ஒளி பாய்ச்சினால் எழுத்து தெரியாது. சுவரோடு ஒட்டினாற்போல, பக்கவாட்டிலிருந்து ஒளி சாய்வாக விழ வேண்டும். அப்போது ஒவ்வொரு வெட்டின் ஒரு கரையில் வெளிச்சமும் மறு கரையில் நிழலும் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். காலை இளவெயில் சாய்வாக விழும் சுவரில் இது தானாகவே நடக்கும். நிழல் பக்கச் சுவரில் என்னிடம் இருக்கும் சின்ன டார்ச்சை, அனுமதி கேட்டுக்கொண்டு, அப்படிப் பிடித்துக் காட்டுகிறேன். வரியின் தொடக்கத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் அதிலிருந்து ஓரிரு சொல்லாவது நீங்களே படித்துவிடுவீர்கள். 'யாண்டு' என்ற சொல் வந்தால் அதையடுத்து வருவது அரசனின் ஆட்சியாண்டு.

ஈரக் காகிதத்தை ஒட்டித் தூரிகையால் தட்டி மை ஒற்றிப் படியெடுப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு, நாமும் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது பயிற்சி பெற்றவர்கள் அனுமதி வாங்கிச் செய்யும் வேலை. பலவீனமான கல்லில் தட்டினால் எழுத்து உதிரும், மை கசிந்தால் கறை நிற்கும். செய்யக் கூடாது.

பெயர் எழுதுவது, ஆணியால் கீறுவது பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒன்று தெரிந்திருக்கட்டும். இதே கொங்கில் விஜயமங்கலம் சமணக் கோயில்போல மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடங்களுக்கும் நீங்கள் போவீர்கள். அங்கே சின்னத்தைச் சிதைப்பதற்கு 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். அங்கே பூசைக் கூட்டம் இருக்காது, பார்த்துக்கொண்டிருக்கும் ஆளும் குறைவு. அதனால் கை அங்கேதான் அதிகம் நீளும். இங்கே சொன்னது எல்லாம் அங்கேயும் அப்படியே.

யாராவது தவறு செய்வதைப் பார்த்தால்

நம் குழுவில் இல்லாத ஒருவர் தூணில் திருநீறு கொட்டுவதைப் பார்ப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வந்ததால் உங்களுக்குக் கோபமும் வரும். சத்தம் போடாதீர்கள். அவர் ஊர்க்காரராக இருக்கலாம், நாற்பது வருடமாக இந்தக் கோயிலுக்கு வருகிறவராக இருக்கலாம். நாம் ஒரு காலைப்பொழுது வந்து போகிறவர்கள். அவருக்குப் பாடம் நடத்தும் உரிமை நமக்கு இல்லை.

நான் செய்வது இதுதான். என்னிடம் இருக்கும் காகிதத்தில் ஒன்றை எடுத்து, 'இதுல மடிச்சுக்கங்க, வீட்டுக்குக் கொண்டு போலாமுங்க' என்று நீட்டுவேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் வாங்கிக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டால் அந்தப் பாதத்தைக் காட்டுவேன். கேட்காவிட்டால் விட்டுவிடுவேன். அதற்குமேல் கற்பூரம் கொளுத்துவது, கீறுவது மாதிரி ஏதாவது என்றால் நேராகக் கோயில் பணியாளரிடமோ அலுவலகத்திலோ சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள். வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் பரப்பாதீர்கள். சிற்பத்தைக் காப்பாற்றப் போய் ஒரு மனிதரை அவமானப்படுத்த வேண்டாம்.

தவறுதலாக உங்கள் கையிலிருந்தே எண்ணெய் சிந்திவிட்டால், கைக்குட்டையால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் இன்னும் பரவி உள்ளே இறங்கும். காகிதத்தை மேலே வைத்து அழுத்தி ஒற்றி எடுங்கள், அப்புறம் பணியாளரைக் கூப்பிடுங்கள்.

காலை ஆறரைக்குப் படித்துறையின் மேல்படியில் நிற்பேன். தோளில் பச்சைத் துண்டு இருக்கும். காந்திபுரத்திலிருந்தும் உக்கடத்திலிருந்தும் டவுன் பஸ் வரும். காகிதம் கொண்டுவர மறந்துவிட்டவர்களுக்கு என்னிடம் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வழிகாட்டி, பேரூர்